இரண்டு நிமிடப் படத்தில் நாயகனுக்கு ஆசையும் குறையும் வைத்த அனுபவங்கள்

மாடிவீடு

படத்தை முடித்து எட்டு மாதங்கள் ஆகியும், எடிட்டர் கேட்ட ஒரு கேள்வி என்னை விடவில்லை. மொட்டை மாடியில் கேரம் பலகையோடு ஆட ஆள் தேடும் ஒரு முதியவர்தான் என் நாயகன். ஆசை இருக்கிறது, குறையும் வேண்டும் என்று அவரை முன்கோபியாக்கி, பேப்பர் போடும் பையன் மீது எரிந்து விழ வைத்தேன். எடிட்டர் ஒலியை அடைத்துவிட்டுப் படத்தை ஓடவிட்டார், ஐம்பதாவது வினாடியில் நிறுத்தி, “கோபம் வருகிறது, சரி. ஆளும் தேடுகிறார், சரி. ஆனால் ஆள் கிடைக்காததற்குக் காரணம் இந்தக் கோபம்தான் என்பது எந்த ஷாட்டில் இருக்கிறது?” என்று கேட்டார். எந்த ஷாட்டிலும் இல்லை.

கோபத்தை எடுத்துவிட்டு, அவரைத் தோற்கப் பொறுக்காதவராக மாற்றி எழுதினேன். முதல் இருபது வினாடிகளுக்குள், எதிரில் ஆடுபவர் கைபேசியைப் பார்க்கக் குனியும்போது, இவர் சுண்டுவிரலால் ஒரு காயைக் குழியின் பக்கம் நகர்த்துகிறார். வந்தவர் அதைக் கவனித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்து போகிறார். பிறகு கீழ்வீட்டுச் சிறுமி ஆட வருகிறாள். அம்மா கூப்பிடுகிறாள் என்று அவள் திரும்பும்போது, அதே விரல் அதே வேலையைச் செய்துவிடுகிறது. ஆனால் அவள் கவனிக்கவில்லை. மகிழ்ச்சியோடு ஸ்ட்ரைக்கரை எடுக்கும் அவள் முகத்தைச் சிறிது நேரம் பார்த்தவர், தான் போட்ட காய்களில் ஒன்றை எடுத்து நடுவில் வைக்கிறார். “ஏன் தாத்தா?” “ஃபவுல்.” படத்தில் அவர் பேசும் ஒரே சொல் அதுதான்.

ஒற்றைமரம்

குறை வைத்தும் பயனில்லை என்பதே என் அனுபவம். ஓட்டப் பந்தயத்தில் ஓட விரும்பும் சிறுவனுக்கு ஒரு கால் சற்று ஊனம் என்று வைத்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் பாவம் என்றார்கள். முடிவில் அவன் ஓடியபோது கைதட்டவும் செய்தார்கள். ஆனால் வெளியே வந்து தேநீர் குடிக்கும்போது அந்தச் சிறுவனைப் பற்றி ஒருவரும் பேசவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

பென்சில்சீவி

ஒற்றைமரம் சொல்வதை ஏற்க முடியவில்லை. கால் ஊனம் என்பது அவனுக்கு நேர்ந்தது. இங்கே குறை என்று பேசுவது அவன் செய்வதை. மாடிவீட்டின் முதியவர் விரலை நகர்த்தாமல் இருந்திருக்கலாம், உங்கள் சிறுவனுக்கு அப்படி ஒரு தேர்வே இல்லை. பார்வையாளர் இரங்குவதோடு நின்றுவிட்டதற்கு அதுதான் காரணம்.

நான் கையால் வரைந்து அனிமேஷன் செய்பவன். இரண்டு நிமிடம் என்றால், வினாடிக்கு 24 வீதம், 2880 ஃப்ரேம்கள். ஒரு படத்தை இரண்டு ஃப்ரேம்களுக்கு நிறுத்தினாலும் 1440 படங்கள் வரைய வேண்டும். என் நாயகி ஏன் பொய் சொல்லிப் பழகினாள் என்று காட்ட, முப்பது வினாடிகளுக்கு அவளுடைய குழந்தைப் பருவத்தை வரைந்து, கடைசியில் அத்தனையையும் வெட்டினேன். அவள் பொய் சொல்வதைக் கண்ணால் பார்த்த பிறகு, அதன் காரணத்தை யாரும் கேட்கவில்லை. ஒருவரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: வரையத் தொடங்கும் முன், “இவளுக்கு இது வேண்டும், ஆனால் ஒவ்வொரு முறையும் இதைச் செய்து தானே அதைத் தள்ளிவிடுகிறாள்” என்று ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். இரண்டு பாதிகளையும் “ஆனால்” சேர்க்காமல் “மேலும்” என்ற சொல்தான் சேர்க்கிறது என்றால், மாடிவீட்டின் முன்கோபம்போல, அந்தக் குறை ஆசையைத் தொடவில்லை என்று பொருள். ஆசையும் கையால் தொடக்கூடியதாக இருக்கட்டும். “அன்பு வேண்டும்” என்பதை வரைய முடியாது. எதிரில் காலியாகக் கிடக்கும் நாற்காலியை வரையலாம்.

தாழ்வாரம்

எனக்கு ஓர் ஐயம். நூற்றிருபது வினாடிகளில் ஒருவர் திருந்திவிடுவார் என்று நம்பச் சொல்வது நியாயமா? என் படத்தில், யார் பேசினாலும் பிழை திருத்தும் ஓய்வுபெற்ற ஆசிரியை, வெளியூரில் இருக்கும் மகன் இன்னும் சற்று நேரம் பேச மாட்டானா என்று ஏங்குகிறார். அவன் தன் துயரத்தைச் சொல்லத் தொடங்கும்போதும் “‘வாள்க்கை’ அல்ல, ‘வாழ்க்கை’” என்கிறார், இணைப்பு துண்டிக்கப்படுகிறது. கடைசி ஷாட்டில், அணைந்த திரையைப் பார்த்து அதே சொல்லை மெதுவாக மகன் சொன்னபடியே, பிழையோடு உச்சரிக்கிறார். அவர் மாறிவிட்டார் என்று சிலரும், மகனுடைய குரலுக்காக ஏங்குகிறார், அவ்வளவுதான் என்று சிலரும் சொன்னார்கள். எனக்கே தெரியாது.

மாடிவீடு

என் முதியவரும் திருந்தவில்லை. நாளைக்கும் அந்த விரல் நகரும். அன்றைக்கு ஒரு காயைத் திருப்பி வைத்தார், அவ்வளவே. அதற்கே அவர் முகத்தில் ஆறு வினாடிகள் நிறுத்த வேண்டியிருந்தது. மூன்று வினாடிகளாகக் குறைத்துப் பார்த்தபோது, சிறுமி கண்டுபிடித்துவிட்டாளோ என்ற பயத்தில் வைத்ததாகத் தெரிந்தது.

ஒற்றைமரம்

பென்சில்சீவி சொன்னது நேற்று சுருக்கென்றுதான் இருந்தது. யாராவது கைகொடுக்க வந்தால் தட்டிவிடுபவனாக அந்தச் சிறுவனை மாற்றி, தனி ஓட்டத்தைத் தொடர் ஓட்டமாக்கி எழுதியிருக்கிறேன். கட்டையை இன்னொருவனிடமிருந்து வாங்கித்தான் அவன் ஓட வேண்டும். கால் அப்படியே இருக்கட்டுமா, எடுத்துவிடவா என்பதுதான் இன்னும் புரியவில்லை.