ரூட் மெட்ரிக்: தடச்செலவா, தட வரிசை எண்ணா?

கயல்விழி:

அனைவருக்கும் வணக்கம். லினக்ஸ் மடிக்கணினியில் ஈதர்நெட்டும் வைஃபையும் ஒரே நேரத்தில் இணைந்திருந்தால் என்ன நடக்கும் என்று விளக்கும் உதவிப் பக்கம் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். எந்த வழியில் போவது என்று முடிவெடுக்கக் கணினி ஒவ்வொரு வழிக்கும் வைத்திருக்கும் எண்ணான ரூட் மெட்ரிக் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். முதலில் ‘வழி முன்னுரிமை’ என்று போட்டிருந்தேன். படித்துப் பார்த்த தோழி, “ஈதர்நெட்டுக்கு 100, வைஃபைக்கு 600 என்றால் வைஃபைக்குத்தானே முன்னுரிமை?” என்று கேட்டாள். நடப்பது நேர்மாறு. சின்ன எண் உள்ள வழியைத்தான் கணினி எடுக்கிறது. அதனால் அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். வேறு என்ன சொல்லலாம்?

அருண்:

‘வேக மதிப்பு’ என்று சொல்லலாமே. கேபிள் வைஃபையைவிட வேகம், அதனால்தான் கணினி கேபிளை எடுக்கிறது. விண்டோஸில் இந்த எண்ணைத் தானாகவே கணக்கிடும்படி விட்டால் இணைப்பின் வேகத்தை வைத்துத்தான் போடும். வேகம் கூடினால் எண் குறையும்.

சுந்தரம்:

அருண், விண்டோஸ் பற்றிச் சொன்னது சரி. ஆனால் கயல்விழி கேட்பது லினக்ஸ். அங்கே இணைப்புகளைக் கவனித்துக்கொள்ளும் நெட்வொர்க்மேனேஜர் வேகத்தைப் பார்ப்பதில்லை, இணைப்பின் வகையை மட்டும் பார்க்கிறது. கம்பி என்றால் 100, வைஃபை என்றால் 600. பழைய சுவிட்சில் 10 மெகாபிட்டுக்கு இறங்கிய கேபிளாக இருந்தாலும் அதே 100தான். ‘வேக மதிப்பு’ என்று எழுதினால் வாசகர் தப்பான இடத்தில் காரணம் தேடுவார்.

கோளாறை முழுதாகப் பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வருவோம். வீட்டில் பிராட்பேண்ட் ஃபைபர் அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரூட்டருக்கு மின்சாரம் இருக்கிறது, மடிக்கணினிக்கும் ரூட்டருக்கும் நடுவே கேபிள் ஒழுங்காக இருக்கிறது, ஐபி முகவரியும் இருக்கிறது. நெட் வேண்டுமே என்று போனில் ஹாட்ஸ்பாட் போட்டு வைஃபையில் இணைகிறீர்கள். போனில் எல்லாத் தளமும் திறக்கிறது, மடிக்கணினியில் எதுவும் திறக்கவில்லை. `ip route` கொடுத்தால் இப்படி வரும்:

```
default via 192.168.1.1 dev enp3s0 proto dhcp metric 100
default via 192.168.43.1 dev wlp2s0 proto dhcp metric 600
```

வெளியே போக இரண்டு வழி இருக்கிறது. கெர்னல் 100ஐ எடுத்து எல்லாவற்றையும் கேபிளில் அனுப்புகிறது. கேபிளின் மறுமுனையில் ரூட்டர் உயிரோடு இருக்கிறதா என்பது வரைக்கும்தான் அதற்குத் தெரியும். அந்த ரூட்டருக்கு அப்பால் ஃபைபர் அறுந்தது அதற்குத் தெரிய வழியே இல்லை.

சோதித்துப் பார்ப்பதும் எளிது. `ping 192.168.1.1` பதில் தரும். `ping 1.1.1.1` பதில் தராது. `ping -I wlp2s0 1.1.1.1` என்று வைஃபை வழியாகவே போகச் சொன்னால் பதில் வரும். மூன்றும் இப்படி அமைந்தால் செத்த இணைப்பைக் கணினி பிடித்துக்கொண்டிருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம்.

என் பரிந்துரை ‘தடச்செலவு’. குறைந்த செலவு உள்ள தடத்தை எடுப்பது யாருக்கும் உடனே புரியும்.

பரிமளா:

என் வீட்டிலும் இரண்டும் இணைந்திருக்கிறது ஐயா. ஒரே ரூட்டருக்குத்தான் கேபிளும் போகிறது, வைஃபையும் போகிறது. அப்படியானால் இரண்டு வேகமும் சேர்ந்து கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கிடைக்காதா?

சுந்தரம்:

கிடைக்காது பரிமளா. இணையத்துக்குப் போவதெல்லாம் கேபிளில் போகும், வைஃபை சும்மா இருக்கும். ஃபைபர் அறுந்தால் உங்களுக்கு இரண்டும் சேர்ந்தே போய்விடும். நாம் பேசுவது இரண்டும் வெவ்வேறு பாதையில் வெளியே போகிற நிலையைப் பற்றி.

அருண்:

ஐயா சொன்ன நிலையை என் உபுண்டுவில் செய்து பார்த்தேன். ரூட்டரின் பின்னால் ஃபைபரைக் கழற்றினேன், போன் ஹாட்ஸ்பாட்டில் இணைந்தேன். முதலில் நெட் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் தானாகவே வந்துவிட்டது! `ip route` பார்த்தால் கேபிள் வரியில் 100 போய் 20100 என்று இருக்கிறது. அப்படியானால் இந்தச் சிக்கலே இப்போது இல்லையே?

சுந்தரம்:

நல்ல வேலை செய்தீர்கள். அந்த 20000 நெட்வொர்க்மேனேஜர் போடும் தண்டம். ஒவ்வொரு இணைப்பு வழியாகவும் குறிப்பிட்ட ஒரு வலைமுகவரியைத் தொட்டுப் பார்க்கிறது, எதிர்பார்த்த பதில் வராத இணைப்பின் எண்ணோடு 20000ஐக் கூட்டிவிடுகிறது. 20100ஐவிட 600 சின்னது, அதனால் வைஃபை முன்னே வந்துவிட்டது. ஆனால் இந்தச் சோதனை இயங்கினால்தான் தண்டம் விழும். உபுண்டுவில் அது இயங்கும்படி வருகிறது. எல்லா லினக்ஸிலும் அப்படி இல்லை. சோதனை இடைவெளிவிட்டு நடப்பது, அதனால்தான் உங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

உங்கள் கணினியில் ஒவ்வொரு இணைப்பையும் பற்றி அது என்ன நினைக்கிறது என்று பார்க்க:

```
nmcli -f GENERAL.DEVICE,GENERAL.IP4-CONNECTIVITY device show
```

கேபிளுக்கு `limited`, வைஃபைக்கு `full` என்று வந்தால் சோதனை வேலை செய்கிறது. ஃபைபர் அறுந்து வெகு நேரமாகியும் கேபிளுக்கு `full` என்றோ எல்லாவற்றுக்கும் `unknown` என்றோ வந்தால் அது இயங்கவில்லை, நாம்தான் எண்ணை மாற்ற வேண்டும்:

```
nmcli connection modify "Wired connection 1" ipv4.route-metric 700
nmcli connection up "Wired connection 1"
```

மேற்கோளுக்குள் இருப்பது இணைப்பின் பெயர், உங்கள் கணினியில் வேறாக இருக்கலாம். ஐபிவி6 இருந்தால் `ipv6.route-metric` தனியாக மாற்ற வேண்டும். இதை மறந்துவிட்டால் சில தளம் திறக்கும், சில தளம் தடுமாறும், காரணம் பிடிபடாமல் அலைய வேண்டியிருக்கும். இன்னொன்று, எண் மாறுவதற்கு முன் தொடங்கிய பதிவிறக்கமோ எஸ்எஸ்எச் அமர்வோ தானாக வைஃபைக்குத் தாவாது. அவை கேபிளின் முகவரியோடு தொடங்கியவை. விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

கயல்விழி:

ஐயா, நன்றி. இதை வைத்துப் பார்த்தால் ‘தடச்செலவு’ கச்சிதமாகத்தான் இருக்கிறது. செலவோடு தண்டமும் சேர்ந்தால் அந்த வழி கட்டுப்படியாகாது, அடுத்ததை எடு. ஒரே வாக்கியத்தில் எழுதிவிடலாம்.

எனக்கு இரண்டு தயக்கம். தடத்துக்குப் பதில் வழி என்று போட்டால் ‘வழிச்செலவு’ ஆகி, ஊருக்குப் போகக் கையில் வாங்கும் காசாகிவிடும். அதனால் ‘தடம்’ இருக்கட்டும். அடுத்தது, போன் ஹாட்ஸ்பாட்டில்தான் டேட்டா கரையும், உண்மையிலேயே காசு போகும். அதற்கு 600, கேபிளுக்கு 100 என்று பார்த்ததும் இது பணக்கணக்கு என்று வாசகர் நினைத்துவிட மாட்டாரா?

பரிமளா:

நான் அப்படித்தான் நினைத்திருப்பேன். ‘தட வரிசை எண்’ என்றால் குழப்பம் இல்லை. 100 முன்னால் நிற்கிறது, 600 பின்னால். 20000 கூட்டினால் வரிசையின் கடைசிக்குப் போய்விடும்.

சுந்தரம்:

வரிசை எண் என்றால் 1, 2, 3 என்று வரும் என்றல்லவா எதிர்பார்ப்பார்கள்? நடுவில் 500 பேர் எங்கே என்று கேட்பார்கள். தவிர, இரண்டு தடத்துக்கு ஒரே எண்ணும் இருக்கலாம்.

எந்தச் சொல் போட்டாலும் ஒன்றைப் பக்கத்தில் எழுதிவிடுங்கள் கயல்விழி. ஒரே இலக்குக்கு இரண்டு தடம் இருக்கும்போதுதான் இந்த எண்ணைப் பார்ப்பார்கள். கேபிள் பக்கம் 192.168.1.50இல் பிரிண்டர் இருந்தால், கேபிளின் எண் 20100 ஆன பிறகும் அச்சிடும் கோப்பு கேபிளில்தான் போகும். 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளுக்கென்றே கேபிளில் தனித் தடம் ஒன்று இருக்கிறது, வெளியே போகும் பொதுத் தடத்தோடு அது போட்டிக்கே வராது. அலுவலகக் கேபிளில் பிரிண்டரும் கோப்புச் சர்வரும் மட்டும்தான், இணையமே கிடையாது என்றால் எண்ணைத் தொடவே வேண்டாம். அந்த இணைப்புக்கு `ipv4.never-default yes` போட்டால் வெளியே போகும் தடம் கேபிளில் உருவாகாது.

அருண்:

அப்படியானால் க்னோம் அமைப்புகளில் வழிகளுக்கான அட்டவணையில் `Metric` என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அங்கே 700 போட்டால் போதாதா?

சுந்தரம்:

போதாது. அந்தக் கட்டம் நீங்கள் கைப்பட எழுதும் தடங்களுக்கு. ரூட்டர் கொடுத்த பொதுத் தடம் அந்த அட்டவணையில் வரவே வராது.

கயல்விழி:

அந்தக் கட்டத்தின் தலைப்புக்கும் இதே சொல்லைத்தான் போட வேண்டும், ஆனால் அது மிகக் குறுகலான இடம். ‘தட வரிசை எண்’ மூன்று சொல், அடங்காது. உதவிப் பக்கத்தில் இப்போதைக்குத் ‘தடச்செலவு’ என்று எழுதி, இது காசுக் கணக்கு அல்ல, குறைந்த எண்ணே எடுக்கப்படும் என்று முதல் இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். கட்டத்தில் ‘செலவு’ என்று மட்டும் போட்டால் தனியாகப் பார்ப்பவருக்குப் புரியுமா? பரிமளா, நீங்கள் சொல்லுங்கள்.

பரிமளா:

புரியாது. முகவரி, நுழைவாயில் என்று வரிசையாக வந்து கடைசியில் ‘செலவு’ என்றால் மாதக் கட்டணம் என்று நினைப்பேன். ‘தடச்செலவு’ என்று முழுதாகவே போடுங்கள், எழுத்தைச் சின்னதாக்கினால் அடங்காதா?