ஜல்லி இறுகும் கணக்குக்குத் தமிழில் என்ன பெயர்?

வாசுகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வீட்டு வாசல் வரை வண்டி வரும் சிறு பாதையை நாமே போடுவது எப்படி என்று ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அடியில் போடும் ஜல்லியை எத்தனை டன் ஆர்டர் செய்வது என்ற இடத்தில் வந்து நிற்கிறேன். ஆங்கிலத்தில் காம்பாக்‌ஷன் ஃபேக்டர் என்கிறார்கள். கொட்டியபோது இருக்கும் உயரம் ரோலர் ஓடிய பிறகு இருக்காதே, அந்தக் கணக்குதான். இப்போதைக்கு "அமுக்கக் காரணி" என்று எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் மனது ஒப்பவில்லை.

சேகர் எழுதியது:

அமுக்கம் வேண்டாம் வாசுகி. இலங்கைப் பாடநூல்களில் அமுக்கம் என்றால் நாம் அழுத்தம் என்று சொல்வது, வாயு அமுக்கம், வளிமண்டல அமுக்கம் என்றுதான் அங்கே படிக்கிறார்கள். அங்கிருந்து உங்கள் கையேட்டைப் படிப்பவர் டயரில் காற்று அடிக்கும் கணக்கோ என்று நினைப்பார். "இறுக்கக் காரணி" என்று வையுங்கள், எளிது. நீளம், அகலம், கனம் மூன்றையும் பெருக்கி, அதை ஜல்லியின் அடர்த்தி 2.2 ஆல் பெருக்கி, கடைசியில் இறுக்கக் காரணி 1.3 ஆல் பெருக்கினால் டன் வந்துவிடும் என்று ஒரே வரியில் விளக்கமும் கொடுத்துவிடலாம்.

இளங்கோ எழுதியது:

சேகர், சொல்லைப் பிறகு பார்ப்போம், அந்த ஒரே வரியை முதலில் நிறுத்துங்கள். அப்படி எழுதினால் படிப்பவர் வீட்டு முன்னால் ஆறு டன் ஜல்லி மிச்சமாகக் கிடக்கும்.

20 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், ரோலர் ஓடி முடித்த பிறகு 150 மில்லிமீட்டர் கனம் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 9 கன மீட்டர். தூளும் பொடிக்கல்லும் கலந்த ஜல்லி, லாரியில் கொட்டிய நிலையில் கன மீட்டருக்கு ஏறக்குறைய 1.7 டன் இருக்கும், நன்றாக இறுகிய பிறகு 2.2 டன். (குவாரிக்குக் குவாரி, கல்லுக்குக் கல் மாறும், எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.) நமக்கு வேண்டியது இறுகிய 9 கன மீட்டர். அதை 2.2 ஆல் பெருக்கினால் 19.8 டன். கணக்கு அங்கேயே முடிந்தது, காரணி எதுவும் தேவையில்லை. ரோலர் இடைவெளியைத்தான் குறைக்கிறது, கல்லைத் தின்றுவிடுவதில்லை. எடை அப்படியே இருக்கும்.

இறுகாத அடர்த்திதான் கையில் இருக்கிறது என்றால் மட்டும்தான் 1.3 உள்ளே வரும்: 9 × 1.3 = 11.7 கன மீட்டர், அதை 1.7 ஆல் பெருக்கினால் 19.9 டன். இரண்டு வழியும் ஒரே இடத்துக்கு வருவதைப் பாருங்கள், ஏனென்றால் அந்த 1.3 என்பதே 2.2 ஐ 1.7 ஆல் வகுத்தால் வருவதுதான். சேகர் சொன்னபடி இரண்டையும் போட்டால் 25.7 டன். மறுபக்கம் இன்னொரு தப்பும் நடக்கும், 9 ஐ நேராக 1.7 ஆல் பெருக்கி 15.3 டன் வாங்கிவிடுவார்கள். அன்று மாலை பரப்பிப் பார்க்கும்போது 150 வந்துவிட்டது என்று சந்தோஷமாக இருக்கும், ரோலர் ஓடியதும் 116 மில்லிமீட்டர்தான் நிற்கும்.

மலர் எழுதியது:

நான் கான்கிரீட் சோதனைக் கூடத்தில் இருக்கிறேன். இதே ஆங்கிலப் பெயரில் எங்களிடம் வேறொரு சோதனை உண்டு, கான்கிரீட் கலவை எவ்வளவு இலகுவாக அச்சில் இறங்கும் என்று பார்ப்பது. அதில் வரும் எண் 0.85, 0.92 என்று எப்போதும் ஒன்றுக்குக் கீழேதான். அதற்கு "இறுக்கக் காரணி" என்று நாங்கள் பல வருடமாக எழுதுகிறோம். 1.3 என்று பார்த்தால் எங்கள் ஆட்கள் எழுத்துப்பிழை என்பார்கள்.

பீட்டர் எழுதியது:

எதற்கு இவ்வளவு பேச்சு என்று தெரியவில்லை. நான் என் வீட்டுக்கு 40 மில்லிமீட்டர் ஜல்லிதான் போட்டேன், எல்லாம் ஒரே அளவு, கழுவியது. வலையில் படித்தபடி 30 சதவீதம் கூட வாங்கினேன், அதில் பாதிக்கு மேல் இன்னும் மூலையில் குவியலாக இருக்கிறது, பூனை படுத்துக்கொள்கிறது. ஆக இந்தக் காரணியே பொய்.

இளங்கோ எழுதியது:

பொய்யில்லை பீட்டர், உங்கள் கல்லுக்கு அது பொருந்தாது. ஒரே அளவு கல்லில் இடைவெளியை நிரப்பப் பொடி கிடையாது, ஒன்றின் மேல் ஒன்று முட்டிக்கொண்டு நின்றுவிடும், கொஞ்சம் அசைந்து உட்காரும், அவ்வளவுதான். 1.1 போட்டிருந்தால் போதும். தூள் கலந்ததுதான் ரோலரின் அதிர்வில் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கணிசமாக இறங்கும்.

அதே கல்லை ஈரக் களிமண்ணில் போட்டிருந்தால் தலைகீழாகப் புகார் செய்திருப்பீர்கள். அங்கே கல் இறுகுவதில்லை, மண்ணுக்குள் இறங்கிக் காணாமல் போகும். மண்ணுக்கும் கல்லுக்கும் நடுவே பிரிப்புத் துணி விரிக்காமல் போட்டுவிட்டு, காரணி குறைவாகப் போட்டோம் என்று நினைப்பவர்கள் நிறைய.

வாசுகிக்கு இன்னொன்று: 150 கனத்துக்கு 195 மில்லிமீட்டர் பரப்பி ஒரே மூச்சில் தட்டக்கூடாது. கையால் தள்ளும் சிறிய பிளேட் வைப்ரேட்டர் என்றால் மேல் பாதிதான் இறுகும், அடியில் தளர்வாகவே கிடக்கும், பிறகு சக்கரம் போகும் தடத்தில் பள்ளம் விழும். இரண்டு அடுக்காக, ஒவ்வொன்றையும் சுமார் 100 க்குப் பரப்பித் தட்டுங்கள்.

சேகர் எழுதியது:

இரண்டு தரம் பெருக்கியது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாருங்கள், பெயரே என்னை ஏமாற்றியது. "இறுக்கம்" என்று கேட்டதும் எதிலும் கடைசியில் பெருக்க வேண்டிய ஏதோ ஒன்று என்று மனது முடிவு செய்துவிட்டது. எதிலிருந்து எதற்குப் போகிறோம் என்று பெயரிலேயே தெரிய வேண்டும்.

வேலையாட்கள் "ஜல்லி நன்றாக அடங்கிவிட்டது" என்பார்கள். அதிலிருந்து எடுக்கலாம் என்று பார்த்தேன். "அடக்கக் காரணி" என்றால் சுடுகாட்டுக் கணக்கு மாதிரி இருக்கிறது.

மலர் எழுதியது:

"தளர்வுப் பெருக்கெண்" எப்படி? இறுகிய கன அளவை இந்த எண்ணால் பெருக்கினால் தளர்ந்த கன அளவு. எங்கள் சோதனையோடும் மோதாது. பெருக்கி என்று முடிக்க வேண்டாம், அது மின்னணுக்காரர்களுடையது. இன்னொரு நன்மை, "25 சதவீதம் இறுகும்" என்று சிலர் எழுதுகிறார்களே, அதை 1.25 ஆல் பெருக்குவதா 0.75 ஆல் வகுப்பதா என்ற குழப்பம் வராது. பின்னதில் 1.33 வரும், இரண்டும் ஒன்றில்லை.

இளங்கோ எழுதியது:

பிடித்திருக்கிறது. ஆனால் களத்தில் "இறுக்கம் 95 சதவீதம் வந்ததா" என்று கேட்பது வேறு, சோதனைக் கூடத்தில் கிடைத்த உச்ச அடர்த்தியோடு ஒப்பிட்டுச் சொல்வது. அதற்கு இறுக்கம் என்ற சொல்லை அப்படியே விட்டு வையுங்கள்.

வாசுகி எழுதியது:

சரி, கையேட்டில் "தளர்வுப் பெருக்கெண்" என்று போடுகிறேன், கன அளவில் வாங்குவோருக்கு மட்டும். டன்னில் வாங்குவோருக்கு "இறுகிய அடர்த்தி" என்ற ஒரே எண், பெருக்கெண் பேச்சே இல்லை. அப்புறம் ஒரு சந்தேகம், ஈரமாக வரும் ஜல்லியில் தண்ணீருக்கும் சேர்த்துத்தானே எடைமேடையில் டன் காட்டும்?

இளங்கோ எழுதியது:

ஆமாம். 2.2 என்பது பெரும்பாலும் உலர்ந்த நிலையின் எண், கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். 5 சதவீத ஈரம் இருந்தால் 19.8 க்குப் பதில் 20.8 டன் வரவழைக்க வேண்டும்.

பீட்டர் எழுதியது:

"தளர்வு" என்றால் தள்ளாமை மாதிரி ஒலிக்கிறது. எனக்கு ஒப்பவில்லை.