டாக்டரைப் பார்க்கும் தேதியை மாற்றக் கேட்டபோது நடந்தது

மல்லிகை

அம்மாவுக்குக் கைவிரல் மூட்டுகளில் வீக்கம். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்களை மடக்கவே முடியாது. குடும்ப டாக்டர் கடிதம் கொடுத்து மூட்டுவாத நிபுணரிடம் அனுப்பினார். நெடுநாள் காத்திருந்து கிடைத்த தேதி, சரியாக என் அலுவலகத் தணிக்கை நாளில் வந்து விழுந்தது. அம்மாவைத் தனியாக அனுப்பவும் மனமில்லை. எந்த மாத்திரை எப்போது ஆரம்பித்தது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்ற விவரமெல்லாம் எனக்குத்தான் தெரியும்.

கிளினிக்குக்கு போன் செய்தேன். வரவேற்பில் இருந்த பெண் தன்மையாகத்தான் பேசினார். "கேன்சல் பண்ணிடட்டுமா மேடம்? அப்புறம் புதுசா புக் பண்ணிக்கலாம்" என்றார். புதிதாகப் போட்டால் எப்போது கிடைக்கும் என்று கேட்டதற்கு அவர் சொன்ன மாதத்தைக் கேட்டு வயிறு கலங்கிவிட்டது.

"கேன்சல் வேண்டாம்மா, தேதியை மட்டும் மாற்றித் தர முடியுமா? புதுத் தேதி உறுதியாகும் வரை பழைய தேதி அம்மா பெயரிலேயே இருக்கட்டும். டாக்டர் கடிதம் வந்த நாளைக் கணக்கில் எடுத்து எங்கே இடம் இருக்கிறது என்று பாருங்கள்" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்து, அந்த டாக்டரின் தேதிகளைக் கவனிக்கும் ஒருங்கிணைப்பாளரிடம் இணைப்பைக் கொடுத்தார். அந்த ஒருங்கிணைப்பாளர் திரையைப் பார்த்துவிட்டு, அதே டாக்டர் வேறொரு கிழமையில் மாலையிலும் நோயாளிகளைப் பார்க்கிறார் என்றார். அதில் இடம் இருந்தது, அதே மாதத்துக்குள். வரவேற்பில் முதலில் காலை நேரப் பட்டியலை மட்டும் திறந்து பார்த்திருக்கிறார்கள்.

இதேபோல் கேட்டவர்கள் என்ன நடந்தது என்று எழுதுங்கள். எல்லா இடத்திலும் இப்படி அமையுமா என்று தெரிந்துகொள்ள ஆசை.

கதிரவன்

எனக்கும் இதே பிரச்சினை. போன தடவை பத்தாம் டோக்கன் கையில் இருந்தது. வண்டி நிறுத்திவிட்டு வருவதற்குள் பன்னிரண்டைக் கூப்பிட்டுவிட்டார்கள். கெஞ்சிப் பார்த்தும் கடைசியில்தான் விட்டார்கள். வரிசையில் ஒருவரை உட்கார வைத்துவிட்டுப் போவதுதான் வழி.

மல்லிகை

அது அன்றைய வரிசை, அண்ணா. நான் கேட்பது தேதிக்கான காத்திருப்பு வரிசையைப் பற்றி. ஆனால் கெஞ்ச வேண்டியிருந்தது என்று நீங்கள் சொல்வது புரிகிறது.

தூரிகை

ரொம்ப யோசிக்க வேண்டாம். வரிசை என்பதே கடிதம் வந்த தேதியை வைத்துத்தான். கேன்சல் செய்தாலும் கடிதத்தின் தேதி மாறிவிடாதே? தைரியமாகக் கேன்சல் செய்துவிட்டு மறுபடி கேளுங்கள். நான் அப்படித்தான் செய்தேன், சீக்கிரமே கிடைத்தது.

மணிமுத்து

நரம்பியல் கிளினிக் ஒன்றில் பல வருடம் தேதி கொடுக்கும் மேசையில் இருந்தவன் நான். தூரிகை சொல்வதில் பாதி சரி. பல இடங்களில் கடிதத்தின் தேதியைப் பார்ப்பார்கள். ஆனால் கேன்சலை அழுத்தியதும் சில கணினிகளில் அந்தக் கடிதத்தின் கோப்பே முடிந்ததாகிவிடும். மறுபடி கூப்பிட்டால் புதுக் கோரிக்கையாகப் பதிவாகும், கடிதமும் புதிதாகக் கேட்பார்கள். உங்களுக்கு அமைந்தது, இன்னொருவருக்கு அமையாமல் போகலாம். அதனால் மல்லிகை கேட்ட முறைதான் பாதுகாப்பு.

இன்னொரு விஷயம், முதல்முறை வருபவருக்கு ஒதுக்கும் நேரம் வேறு, மறுபார்வைக்கு வருபவருக்கு ஒதுக்கும் நேரம் வேறு. எங்கள் இடத்தில் முதல்முறை என்றால் 40 நிமிடம், மறுபார்வை என்றால் 15 நிமிடம். மறுபார்வைக்காரர் ஒருவர் வரவில்லை என்றால் விழும் 15 நிமிட இடைவெளியில் புது நோயாளியை உட்கார வைக்க முடியாது. "காலியாகத்தானே இருக்கு, ஏன் தர மாட்டேன் என்கிறீர்கள்" என்று பலர் கோபப்படுவது இதனால்தான். பக்கத்துப் பக்கத்தில் மூன்று இடைவெளி விழுந்தால் சேர்த்து ஒன்றாக்கலாம். அதைச் செய்யும் அனுமதி பெரும்பாலும் ஒருங்கிணைப்பாளரிடம்தான் இருக்கும், வரவேற்பில் இருப்பவரிடம் இருக்காது. அதனால் போனில் முதலிலேயே "முதல்முறை வருகிறோம்" அல்லது "மறுபார்வை" என்று சொல்லிவிடுங்கள். தேடும் பட்டியலே மாறிவிடும்.

தூரிகை

சரி, கோப்பு முடிந்துவிடும் என்பது எனக்குத் தெரியாது. எனக்கு மறுபார்வைதான், அதனால் சுலபமாக முடிந்ததோ என்னவோ.

வெண்ணிலா

வலி அதிகமாகிவிட்டது என்று சொன்னால் முன்னால் தள்ளிக் கொடுப்பார்கள் என்று எங்கள் சொந்தக்காரர் ஒருவர் சொன்னார். அப்படிச் சொல்லலாமா?

மணிமுத்து

உண்மையிலேயே அதிகமாகியிருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும், தங்கச்சி. ஆனால் மேசையில் இருப்பவர் அதை எடைபோட மாட்டார், போடவும் கூடாது. கடிதம் எழுதிய டாக்டரிடம் திரும்பப் போய், எந்த மூட்டில் வீக்கம், ரத்தப் பரிசோதனையில் என்ன வந்தது என்று புதுக் குறிப்பு வாங்கி அனுப்பினால் நிபுணர் தரப்பில் மறுபடி பார்த்து அவசரத் தரத்தை மாற்றுவார்கள். பொய்யாகச் சொன்னால் நிஜமாகவே தவிக்கிற ஒருவரின் இடம் போகும். அப்புறம், ஒரே ஒரு மூட்டு திடீரென்று சூடாக வீங்கி, காய்ச்சலும் வந்தால் தேதிக்குக் காத்திருக்கவே கூடாது. நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

மல்லிகை

மாலைத் தேதி கிடைத்த பிறகு, யாராவது வர முடியாமல் இடம் காலியானால் உடனே கூப்பிடும் குறுகிய அறிவிப்புப் பட்டியலிலும் அம்மா பெயரைச் சேர்க்கச் சொன்னேன். எந்தெந்தக் கிழமை முடியாது, எத்தனை மணி நேரத்துக்கு முன்னால் சொன்னால் வர முடியும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். தெரியாத எண் என்று விட்டுவிடாமல் எடுக்கச் சொன்னார்கள். எடுக்கவில்லை என்றால் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்களாம்.

மணிமுத்து

ஆமாம், நாங்களும் காத்திருக்க மாட்டோம். நினைவூட்டல் செய்தி போன பிறகுதான் "வர முடியாது" என்ற பதில்கள் வரும். பெரும்பாலும் தேதிக்கு ஓரிரு நாள் முன்பு. நீங்களாகக் கூப்பிடுவதென்றால் அந்த நேரம் பார்த்துக் கூப்பிடுங்கள். கதவு திறந்ததும் கூப்பிட்டால், எதிரே நிற்பவரைப் பார்ப்பதா போனைப் பார்ப்பதா என்று திண்டாடிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் மாற்றச் சொல்வதும் முன்கூட்டி இருக்க வேண்டும். அன்றைக்கே சொன்னால் பல இடங்களில் வராதவர் கணக்கில்தான் எழுதுவார்கள்.

வெண்ணிலா

ஒரு தடவை மாற்றிய பிறகு இரண்டாவது தடவையும் மாற்ற வேண்டிவந்தால்? என் தம்பிக்கு அப்படி ஆனது. கண் டாக்டர் கிளினிக்கில், இனிமேல் புதிதாகத்தான் வரிசையில் சேர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

மணிமுத்து

எங்கள் இடத்தில் இரண்டாவது தடவைக்கும் இடம் பார்த்துக் கொடுப்போம். சில இடங்களில் ஒருமுறைதான். கிளினிக்கே தேதியைத் தள்ளியிருந்தால் அதை உங்கள் கணக்கில் சேர்க்கக் கூடாது. யார் மாற்றியது என்று கோப்பில் எழுதச் சொல்லுங்கள். தம்பி விஷயத்தில் முதல் மாற்றம் யார் கேட்டது?

வெண்ணிலா

முதல் தடவை கிளினிக்கிலிருந்துதான் தள்ளினார்கள், டாக்டர் மாநாட்டுக்குப் போகிறார் என்று. அந்தச் செய்தி இன்னும் அவன் போனில் இருக்கும். நாளைக்கு ஒருங்கிணைப்பாளரைக் கேட்டுக் கூப்பிடச் சொல்கிறேன், என்ன சொன்னார்கள் என்று எழுதுகிறேன்.