15 வயது மகனும் நானும் சேர்ந்து ஆட எந்த கேம்?

மழைக்குருவி: என் மகனுக்கு 15 வயது, எந்த கேமானாலும் பின்னி எடுப்பான். நான் கண்ட்ரோலரைத் தொட்டதே இல்லை. எதிர்த்து ஆடுவது வேண்டாம், சேர்ந்து ஆடவேண்டும். அவனுக்கும் சலிக்கக் கூடாது, நானும் சும்மா பின்னால் ஓடக் கூடாது. எதில் தொடங்கலாம்?

சேது: இட் டேக்ஸ் டூ, யோசிக்கவே வேண்டாம். 2021இல் வந்தது, இரண்டு பேர் இல்லாமல் நகரவே நகராது. செத்தாலும் கொஞ்ச நேரத்தில் பக்கத்திலேயே எழுந்து வந்துவிடலாம், அதனால் உங்களால் அவனுக்கு நஷ்டம் கிடையாது.

நிலவன்: சேது, சாவதெல்லாம் அவருக்குப் பிரச்சினையே இல்லை. இடது கட்டைவிரலில் நடை, வலது கட்டைவிரலில் கேமரா, இது இரண்டும் புதிதாக வருபவருக்கு ஒரே நேரத்தில் வராது. பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தால் தெரியும்: நடப்பார், நிற்பார், கேமராவைத் திருப்புவார், மறுபடி நடப்பார். அப்படி இருப்பவரை ஓடி, இரட்டைத் தாவல் தாவி, காற்றிலேயே பாயச் சொன்னால், பையன் மேலே போய் நின்று காத்திருக்க வேண்டியதுதான்.

அக்கா, நான் சொல்வது கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ் (2015). வெடிகுண்டு திரையில், அதைப் பார்ப்பவன் உங்கள் மகன் மட்டும். செயலிழக்க வைக்கும் கையேடு உங்கள் கையில், அதை அவன் பார்க்கக் கூடாது. கையேட்டை இலவசமாக இறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம், நீங்கள் கண்ட்ரோலரைத் தொடவே வேண்டாம்.

மாலா: மரியோ கார்ட் 8 டீலக்ஸில் வண்டி பாதையை விட்டு விலகாமல் பிடித்துக்கொள்ளும் வசதி இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் யாரும் ஓட்டலாமே?

மழைக்குருவி: அது பந்தயம்தானே மாலா, ஜெயிப்பது அவன்தான். சேர்ந்து ஆடத்தான் கேட்டேன்.

ஆதிரை: நாங்கள் ஓவர்குக்ட் எடுத்தோம், கட்டுப்பாடுகள் ரொம்பச் சுலபம், கேமராத் தொல்லையும் இல்லை. ஆனால் என் மகள் "அம்மா வெங்காயம், அம்மா தட்டு, அம்மா அங்க இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள், நான் செய்துகொண்டே இருப்பேன். நேரத்தைக் கூட்டிப் பார்த்தும் அது மாறவில்லை. மொத்தச் சமையலறையும் அவள் கண்ணுக்குத் தெரிகிறதே, அப்புறம் யோசிக்க எனக்கு என்ன மிச்சம்?

நிலவன்: ஆதிரை, அதேதான். நன்றாக ஆடுகிறவருக்கு எல்லாம் தெரிந்தால் இரண்டு பேரின் ஆட்டத்தையும் அவரே ஆடிவிடுவார். வெடிகுண்டில் அவனால் அது முடியாது. ஒரு உதாரணம். மேலிருந்து கீழாக மூன்று வயர்: நீலம், நீலம், சிவப்பு. பையன் அவசரத்தில் "ரெண்டு நீலம், ஒரு சிவப்பு" என்பான். நீங்கள் விடாமல் வரிசையைக் கேட்க வேண்டும். சிவப்பே இல்லையென்றால் இரண்டாவதை வெட்டு என்கிறது கையேடு, இங்கே சிவப்பு இருக்கிறது, அடுத்த வரி. கடைசி வயர் வெள்ளையா? இல்லை. நீலம் ஒன்றுக்கு மேல் இருக்கிறதா? ஆமாம், அப்படியானால் கடைசி நீலத்தை வெட்ட வேண்டும், அதாவது நடுவில் இருப்பது. "கடைசி" என்ற சொல்லை மட்டும் நீங்கள் பிடித்துக்கொண்டால் அவன் சிவப்பை வெட்டிவிடுவான், ஒரு தவறு விழும், கடிகாரமும் வேகமெடுக்கும். இங்கே திறமை என்பது பொறுமையாகப் படிப்பதும் சரியாகக் கேட்பதும், அதில் அவனைவிட நீங்கள் தேர்ந்தவராக இருக்கலாம்.

சேது: கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் விதிகள் மாறாது என்பதை நீங்கள் சொல்லவில்லை. வயர் விதிகள் நாலைந்து தடவை காதில் விழுந்தாலே அவனுக்கு மனப்பாடம், அப்புறம் கையேடு எதற்கு? அதோடு அக்கா கடைசிவரை கண்ட்ரோலரே பிடிக்க மாட்டார். இட் டேக்ஸ் டூவில் யார் எந்தப் பாத்திரம் என்பதைச் சரியாகப் பிரித்தால் போதும். கொட்டகைப் பகுதியில் கோடி என்ற பாத்திரம் நின்ற இடத்திலிருந்து ஆணி எறிவான், அதில் சுத்தியலை மாட்டித் தொங்கித் தாவுவது மே என்ற இன்னொரு பாத்திரம். கோடியை அக்காவுக்குக் கொடுங்கள், அவர் ஆணி அடிக்காமல் பையன் ஓரடி நகர முடியாது.

நிலவன்: மனப்பாடம் ஆகும் என்பது சரி, வயர் அப்படித்தான் சீக்கிரம் செத்துப்போகும். வெடிகுண்டின் சிக்கலான பகுதிகள் அவ்வளவு எளிதில் மனதில் நிற்காது, அதற்குள் இடம் மாறியும் ஆடலாம். ஆனால் உங்கள் கோடியும் ஆணி எறிய கேமராவைத் திருப்பித்தான் குறிபார்க்க வேண்டும், அந்தந்த இடத்துக்கு அவனும் தாவித்தான் போக வேண்டும். அதை யார் செய்து தருவார்?

சேது: தாவித் தாவித்தான் பழகும். நின்று குறிபார்க்கும்போது கேமரா மட்டும்தானே, கற்க அதைவிட நல்ல இடம் ஏது?

மழைக்குருவி: இரண்டுமே பார்க்கிறேன். வெடிகுண்டில் எனக்குப் பயம் அந்தக் கடிகாரம்தான், பதறினால் எனக்கு எழுத்தே ஓடாது.

நிலவன்: ஃப்ரீ பிளே என்று ஒன்று இருக்கிறது அக்கா. நேரத்தையும் எத்தனை பகுதிகள் என்பதையும் நீங்களே வைக்கலாம். குறைந்த பகுதி, நிறைய நேரம் என்று தொடங்குங்கள்.

ஆதிரை: அது சரி, ஆனால் அவ்வளவு நேரம் கொடுத்தால் அந்தப் பையனுக்கு என்ன சவால் இருக்கும்? அம்மா பக்கம் புரட்டும்வரை அவன் வெறும் வயரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பானே.