புதுப்பிப்பு: பலகை வாசகம் விளம்பரமானது

முன்பு நான் கேட்டது: "போட்டோவில் இருக்கும் கடைப் பலகை வாசகத்தைத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் எடுப்பான விளம்பரமாக மாற்றுவது எப்படி?"

பலகையில் இருந்தது: "அனைத்து வகைக் கைக்கடிகாரங்களும் சிறந்த முறையில் பழுது பார்த்துத் தரப்படும்." இப்போது பதிவின் முதல் வரி: "வாட்ச் நின்னுடுச்சா? ஓட வைக்கிறோம்!" அதன் கீழே: "ஸ்டாப்டு வாட்ச்? ஸ்டார்ட் இட் ஹியர்!" விளம்பரத் துறையில் இருப்பவர் இங்கே சொன்னபடி, ஆங்கில வரியைத் தமிழிலிருந்து மொழிபெயர்க்காமல், ஆங்கில ஓசையிலேயே புதிதாக எழுதினேன்.

"ஒரே நாளில்" என்று சேர்க்கச் சொன்னவரின் யோசனை கண்ணை இழுக்கும்தான். ஆனால் பலகையில் இல்லாத வாக்கை நாம் கொடுக்கக் கூடாது; விட்டுவிட்டேன். அப்புறம், போட்டோவில் வெயில் பட்ட இடத்தில் போன் எண்ணின் 1 எது, 7 எது என்று தெரியவில்லை. அதைக் கடைக்காரரிடம் கேட்டே போட்டேன்.

தன் தையல் கடைப் பலகையை அனுப்பியவருக்கு: கடைசி வரி மறைந்திருக்கிறது, நேராக எடுத்த படம் வேண்டும். என் பதிவில் ஆங்கிலம் மேலேயா கீழேயா என்பதில் வாட்ச் கடைக்காரர் இன்னும் யோசிக்கிறார்.