மெஷ் வைஃபையில் மூன்றாவது நோட்: பெயர் ஒன்று, நெட்வொர்க் இரண்டு

வணக்கம். கீழ்தளத்தில் இரண்டு நோட் உள்ள மெஷ் ஓடுகிறது. மாடிக்கு அதே கம்பெனியின் மூன்றாவது நோட் வாங்கி, மெயின் நோடிலிருந்து லேன் கேபிள் இழுத்திருக்கிறோம். ஆப்பில் "புது நெட்வொர்க்" என்று தேர்ந்தெடுத்து, பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே அடித்ததுதான் தப்பு.

மாடியில் நெட் வருகிறது, ஆனால் கீழே உள்ள பிரிண்டர் தெரிவதில்லை. போனின் ஐபி கீழே 192.168.68.x, மாடியில் 192.168.0.x. அதாவது புது நோட் தனி ரவுட்டராகி, தானே ஐபி கொடுக்கிறது. பெயர் ஒன்றானால் மட்டும் மெஷ் ஆகிவிடாது.

யோசித்திருப்பது இது: புது நோடை மட்டும் ரீசெட் செய்து, மெயின் நோடுக்குப் பக்கத்தில் வைத்து, பழைய நெட்வொர்க்கில் "நோட் சேர்" கொடுப்பது. பெயரும் பாஸ்வேர்டும் மெயினிலிருந்து தானாக வந்துவிடும். மெயினை ரீசெட் செய்தால் மொத்த நெட்வொர்க்கையும் மறுபடி அமைக்கும் தலைவலி.

சந்தேகம் ஒன்றுதான். சேர்க்கும்போதே லேன் கேபிளைச் செருகலாமா, வைஃபையில் சேர்த்து, லைட் நிலையானபின் மாடிக்குக் கொண்டுபோய்ச் செருகுவதா? கேபிள் பேக்ஹாலில் செய்தவர்கள் சொல்லுங்கள்.