தீர்மான மரத்துக்கு n! இலைகள் ஏன் கட்டாயம்?

கயல்: ஒப்பீட்டால் வரிசைப்படுத்தும் முறைகளுக்கு n log n கீழ்வரம்பு என்ற நிரூபணத்தில் ஒரு வரியில் மாட்டிக்கொண்டேன். ஒவ்வொரு ஒப்பீட்டின் பதிலுக்கும் ஒரு கிளையாகப் பிரிந்துபோகும் தீர்மான மரத்தில், கேள்விகள் முடியும் முனைகளான இலைகள் குறைந்தது n! வேண்டுமாம், n எண்கள் n! வரிசைகளில் வரலாம் என்பதால். கெட்டிக்கார முறை ஒன்று இரண்டு உள்ளீடுகளை ஒரே இலையில் முடித்துவிட்டால் என்ன? ஏற்கெனவே அடுக்கிய பட்டியலை இன்சர்ஷன் சார்ட் n-1 ஒப்பீட்டில் முடிக்கிறதே, அது எப்படி?

முருகேசன்: அப்படி ஒரு வரம்பே இல்லைங்க. எங்கள் பள்ளியில் 0 முதல் 100 வரை மதிப்பெண்களை 101 கட்டங்களில் எண்ணிப் போட்டு அடுக்குவேன். n அடிதான் ஆகும்.

தணிகை: ஐயா, நீங்கள் மதிப்பெண்ணையே கட்டத்தின் எண்ணாக எடுத்துக்கொள்கிறீர்கள், எதையும் எதோடும் ஒப்பிடவில்லை. இந்த வரம்பு "a < b தானா?" என்று மட்டும் கேட்கத் தெரிந்த முறைகளுக்கு.

கயல், a, b, c மூன்றையும் இரண்டே ஒப்பீட்டில் அடுக்கப் பாருங்கள். முதலில் a-யும் b-யும், அப்புறம் b-யும் c-யும். a < b, b > c என்று பதில் வந்தால் b பெரியது, அவ்வளவுதான் தெரியும். (1,3,2), (2,3,1) இரண்டுமே அந்த இலைக்குத்தான் வரும். முறைக்குத் தெரிந்தது அந்தப் பதில்கள் மட்டுமே, ஆகவே இரண்டையும் ஒரே மாதிரிதான் நகர்த்தும். a, c, b என்று அடுக்கினால் முதலாவது 1,2,3 ஆகிறது, இரண்டாவது 2,1,3 ஆகிக் கெட்டுப்போகிறது. அதனால்தான் ஒவ்வொரு வரிசைக்கும் தனி இலை.

இன்சர்ஷன் சார்ட்டின் n-1 என்பது மரத்தில் ஒரு குட்டைக் கிளை. நாம் பேசுவது மிக நீண்ட கிளையை. ஒவ்வொரு ஒப்பீட்டிலும் மரம் இரண்டாகப் பிரிகிறது, ஆகவே அதன் நீளம் h என்றால் 2^h ≥ n!.

பிரபு: அங்கிருந்து சுலபம். n! ≤ n^n, லாக் எடுத்தால் n log n. முடிந்தது.

தணிகை: n! பற்றி நீங்கள் சொன்னது சரி, ஆனால் திசை தலைகீழ். அது log n!-க்கு மேல்வரம்பைத்தான் தரும். நமக்குக் கீழே தாங்க ஒன்று வேண்டும். n!-இன் பெருக்கத்தில் பெரிய பாதியை மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றும் குறைந்தது n/2. ஆகவே n! ≥ (n/2)^(n/2), h ≥ (n/2) log₂(n/2).

இதை அப்படியே "n log n-க்குக் குறையாது" என்று படிக்கவும் கூடாது. n = 16-க்கு n log₂ n = 64. மெர்ஜ் சார்ட்டுக்கோ மிக மோசமான நிலையிலும் 49 ஒப்பீடே போதும். 2^h ≥ 16! என்பதிலிருந்து மரம் சொல்வது 45.

கயல்: இலை புரிந்தது அண்ணா. அந்த 45-ஐ எட்ட முடியுமா?

தணிகை: எப்போதும் எட்டும் என்று நினைக்க வேண்டாம். 12 எண்களுக்கு மரம் சொல்வது 29. ஆனால் 30 தேவை என்று 1965-ல் மார்க் வெல்ஸ் கணினியில் தேடிக் காட்டினார். 16-க்கு என்ன என்று எனக்கு நினைவில்லை.

முருகேசன்: சரி, ஒப்பிட்டே அடுக்குகிறேன். ஆனால் 40 பேரில் பாதிப் பேர் ஒரே மதிப்பெண் வாங்கினால் 40! வரிசைகள் இருக்காதே? அப்போது வரம்பும் இறங்குமா?